சிவப்பு ஸ்டேப்ளர்

சிதம்பரநாதனுக்கு அன்று மூக்குக்கு மேல் கோபம். வேளச்சேரியில் மெய்யம்மை தியானம் சொல்லிக்கொடுக்கும் மாடிக்கு வந்தவர், உட்காரக்கூட இல்லை.

"அம்மா, ஆபீஸ் சத்தத்துல மனசை எப்படி அடக்குறது?"

மெய்யம்மை அவரைவிடப் பத்து வயது சின்னவள். ஆனாலும் அவர் அம்மா என்பார், அவள் சார் என்பாள்.

"என்ன சத்தம், சார்?"

கேட்டதுதான் தாமதம், கொட்டித் தீர்த்துவிட்டார். இன்சூரன்ஸ் கிளெய்ம்களைச் சரிபார்க்கும் வேலை அவருக்கு. ஒரே ஹால், நீள நீள மேசைகள், நடுவில் பேருக்குக்கூட ஒரு தடுப்பு கிடையாது. ஒருவர் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவார். இன்னொருவர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து சந்தேகம் கேட்பார். மீட்டிங் ரூம்களை யாராவது பிடித்து வைத்திருப்பார்கள், அதனால் வீட்டு விஷயத்தைக்கூட மேசையில் உட்கார்ந்தபடியே பேச வேண்டும். ஒரு தடவை கவனம் கலைந்தால், ஆஸ்பத்திரி பில்லை மறுபடி முதல் வரியிலிருந்து பார்க்க வேண்டும்.

பொறுக்க முடியாமல்தான் காதை முழுக்க மூடும் ஹெட்போன் வாங்கினார். வெளிச் சத்தத்தை உள்ளேயே விடாத ரகம். அதை மாட்டியிருப்பவரைக் கூப்பிடக் கூடாது என்பது அந்த ஆபீசில் எழுதாத சட்டம்.

"எல்லாரும் மதிக்கிறாங்கம்மா. பக்கத்து சீட் பூங்கொடி மட்டும்தான் தோளைத் தட்டி, 'சார், ஸ்டேப்ளர் இருக்கா'ங்கறாங்க. அவங்க மேசையிலயே சிவப்பு ஸ்டேப்ளர் ஒண்ணு குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கு!"

"எப்ப கேக்குறாங்க?"

"நான் போன்ல இருக்கும்போதுதான். அதுவும் வீட்டுக்காரிகிட்ட பேசும்போது."

புகார் எழுதிக் கொடுத்தால் பூங்கொடியை இரவு ஷிப்டுக்கு மாற்றிவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அவளுக்குப் பள்ளிக்கூடம் போகும் மகள். வீட்டில் வேறு துணை இல்லை. இரவு ஷிப்ட் என்றால் வேலையை விடவேண்டியதுதான். புகார் மெயில் சிதம்பரநாதனின் போனில் தயாராக இருந்தது. அனுப்பத்தான் கை வரவில்லை.

"இன்னொண்ணும் புரியல. எங்களுக்கு மூணாவது தடவையும் குழந்தை தங்கல. ஆபீஸ்ல ஒருத்தர்கிட்டயும் நான் மூச்சு விடல. போன வாரம் ஒருத்தருக்குக் குழந்தை பொறந்ததுக்குக் கேக் வெட்டினாங்க. வழக்கமா என் மேசைக்குப் பக்கத்துலதான் வெட்டுவாங்க. இந்தத் தடவை கான்டீனுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. நான் என்னம்மா தப்பு பண்ணேன்?"

மெய்யம்மை பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. மனைவி வானதி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பால்கனிக்குப் போனார். ஹாலில் ஏழெட்டுப் பேர் கண்ணை மூடி அமர்ந்திருந்தார்கள். அவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாதே என்று கதவைப் பாதி சாத்தினார். நல்ல மனிதர்தான்.

வானதி அழுதாள். மறுபடி அந்த ஊசிகளைப் போட்டுக்கொள்ளத் தெம்பில்லை என்றாள். வேண்டாம் என்றும் சொல்ல முடியாமல், வேணும் என்றும் சொல்ல முடியாமல் அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோது தோளில் ஒரு தட்டு.

மெய்யம்மை நின்றிருந்தாள். ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினார்.

"சார், தீப்பெட்டி இருக்கா?"

இல்லை என்று கையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். "டாக்டர் உன் கர்ப்பப்பையைப் பத்தி என்னதான் சொன்னாங்க?" என்று கேட்டு முடிக்கவில்லை, மறுபடி தட்டு.

"தீப்பெட்டி, சார்."

சட்டென்று பேச்சை முடித்துக்கொண்டு உள்ளே வந்தார். குரு என்றும் பார்க்காமல் வெடித்தார்.

"நீங்களுமாம்மா? மனுஷன் வீட்டுக் கஷ்டத்தைப் பேசிட்டிருக்கேன்!"

ஹாலில் யாரும் அசையவில்லை. கண்கள் மூடியே இருந்தன. ஆனால் முன்வரிசையில் இருந்த பெண்ணின் கன்னம் நனைந்திருந்தது. அவளுக்குப் பின்னால் இருந்த பெரியவர் தலையை நன்றாகத் தாழ்த்திக்கொண்டார்.

சிதம்பரநாதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தார். பாதி சாத்திய கதவைப் பார்த்தார்.

"நான் மெதுவாத்தானே பேசினேன்?"



கழுத்தில் தொங்கிய ஹெட்போனைத் தொட்டுப் பார்த்தார். மெல்ல அதைக் காதில் மாட்டினார். "மெதுவாத்தானே பேசினேன்" என்று மறுபடி சொன்னார். அவருக்கு அது எங்கோ தூரத்தில் கேட்டது. முன்வரிசைப் பெண் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

அவர் ஹெட்போனைக் கழற்றினார். காது மடல் சுட்டது. வெட்கமாக இருந்தது. எந்த வாரத்திலிருந்து, எதையெல்லாம், யார் யார் கேட்டார்கள் என்று மனம் எங்கெங்கோ ஓடியது. கேக் ஏன் கான்டீனுக்குப் போனது என்பது வரைக்கும் ஓடி, அங்கேயே நின்றுவிட்டது.

அப்போதுதான் மூலையில் விளக்கைக் கவனித்தார். அவர் வந்தபோதே அது எரிந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே தீப்பெட்டி.

"விளக்கு எரியுது. தீப்பெட்டியும் இங்கேயே இருக்கு. பின்ன எதுக்கும்மா என்கிட்ட கேட்டீங்க?"

"அந்தப் பொண்ணு ஸ்டேப்ளர் எதுக்குக் கேட்டாளோ, அதுக்குத்தான் சார்."