ராஜா கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை

முன்னொரு காலத்தில், தூங்குவதற்குக்கூடச் சட்டம் வைத்திருந்த ஒரு ராஜ்யம் இருந்தது. சட்டம் ஜனங்களுக்கு இல்லை, ராஜாவுக்குத்தான். அந்த வம்சத்து ராஜா மல்லாந்துதான் படுக்க வேண்டும். ஒருக்களித்துப் படுப்பது குடியானவன் படுக்கை, குப்புறப் படுப்பது தோற்றவன் படுக்கை என்று எந்தக் காலத்திலோ யாரோ சொல்லிவைத்துவிட்டார்கள். அது போதாதென்று, தூங்கும் ராஜாவை எவரும் தொடக் கூடாது, தொட்டால் கை போகும் என்று இன்னொரு சட்டம். ராணி மட்டும் தூர நின்று குரல் கொடுத்து எழுப்பலாம். இதையெல்லாம் எழுதிவைத்தவர்கள் வாழ்நாளில் ஒரு நாளாவது நன்றாகத் தூங்கியிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.

வெற்றிவேள் என்கிற ராஜா பட்டத்துக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. அவனுடைய தகப்பனார் கடைசிக் காலத்தில் பக்கவாதம் கண்டு, பார்வை மங்கி, பேச்சும் போய், மழைக்காலம் முழுவதும் படுக்கையில் கிடந்து இறந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தவன் வெற்றிவேள். அதற்குப் பிறகு அவனுக்கு ராத்தூக்கம் இல்லாமல் போயிற்று. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கும்போது போய்ப் படுப்பான்.

அப்படி ஒரு மத்தியானம் படுத்தவனுக்கு அந்தக் கனவு வந்தது. எங்கும் இருட்டு. கண்ணைத் திறந்து திறந்து பார்க்கிறான், ஒன்றும் தெரியவில்லை. நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. வாசலில் காவல் நிற்கும் செங்கோடனைக் கூப்பிட்டான். தொண்டை கிழியக் கூப்பிட்டான். யாரும் வரவில்லை.

திடுக்கிட்டு எழுந்தபோது அறையெல்லாம் வெயில். உடம்பெல்லாம் வேர்வை. வாசலில் செங்கோடன் வேலைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான்.

"எத்தனை முறை அழைத்தேன்! ஏன் வரவில்லை?"

செங்கோடன் திருதிருவென்று விழித்தான். "அழைத்த சத்தம் எதுவும் கேட்கவில்லையே, மகாராஜா."

இந்த ஒரு பதில் அவனைச் சிறையில் கொண்டுபோய் வைத்தது.

மறுநாள் சபையில் நிமித்திகர் வாமதேவர் எழுந்தார். கனவுக்குப் பலன் சொல்வது அவர் உத்தியோகம். தம் தங்கை மகனை ராஜாவின் அறைவாசல் காவலில் சேர்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

"அரசே, கண்ணும் குரலும் பறிபோவதாகக் கனவு வந்தால், அருகில் துரோகி நிற்கிறான் என்று பொருள். மன்னர் அழைத்தும் கேளாத செவிகள் எதற்கு? அவற்றில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினால் தோஷம் நீங்கும்."

சபை வாயைத் திறக்கவில்லை. திறந்தது ஒருவன்தான், சபை விகடகவி பதுமன்.

"அரசே, அவன் செவியில் குறை இல்லை. தாங்கள் அழைக்கவே இல்லை."

வெற்றிவேளின் முகம் கறுத்துவிட்டது. "என் தொண்டை நொந்தது எனக்குத் தெரியாதா? நான் பொய் சொல்கிறேன் என்கிறாயா?"

வாமதேவருக்கு வாயில் சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது. "மகாராஜாவின் கனவுக்குள் நடந்ததெல்லாம் பதுமனுக்குத் தெரிந்திருக்கிறது! அப்படியானால் அந்த இருட்டுக்குள் போய் ஒரு விளக்கு வைத்துவிட்டு வரட்டுமே."

ராஜா அதையே பிடித்துக்கொண்டான். "ஆம். மறுபடி அந்த இருட்டு வரும்போது அதற்குள் எனக்கு ஒரு விளக்கு கொண்டுவா. முடியாவிட்டால் செங்கோடனுக்குக் காய்ச்சும் ஈயத்தில் உனக்கும் பங்கு உண்டு."

பதுமன் ராஜாவின் முன்னால் வந்து வணங்கினான். பிறகு, "கொண்டுவருகிறேன். இரண்டு வரம் வேண்டும். விளக்கை எங்கே வைப்பது என்பது என் இஷ்டம், அதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே வரக் கூடாது. அடுத்து, அன்று செங்கோடன் நின்ற இடத்தில் நிமித்திகர் காவல் நிற்க வேண்டும். அவர் செவி கூர்மையானது" என்றான்.

"தந்தேன்" என்றான் ராஜா. வாமதேவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் பதுமன் சிறைக்குப் போனான். செங்கோடன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"உண்மையைச் சொல்லு. அன்னிக்கு என்ன கேட்டுச்சு?"

"சாமி சத்தியமா கூப்பிட்ட சத்தம் இல்லீங்க, ஐயா. மொதல்ல நல்லா கொறட்டை விட்டாங்க. அப்புறம் கொறட்டை நின்னுபோச்சு. மூச்சு மட்டும் தாறுமாறா வந்துச்சு. ஒரு தடவ மூக்கால முனகுன மாதிரி இருந்துச்சு. கிட்டப் போய்ப் பாத்தேன். மூடுன இமைக்குள்ள கண்ணு இங்கயும் அங்கயும் ஓடுது. கெட்ட கனா போலன்னு தொட்டு எழுப்பக் கைய நீட்டிட்டேன்." செங்கோடன் தன் கையைப் பார்த்துக்கொண்டான். "சட்டம் நெனப்பு வந்துச்சு. இழுத்துக்கிட்டேன்."

பதுமன் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஐயா, எம் பொண்ணு இப்பத்தான் பேசப் பழகுது. அப்பான்னு கூப்பிட ஆரம்பிச்சு கொஞ்ச நாள்தான் ஆச்சு. அதுக்குள்ள காதை அடைச்சிருவாங்களா?"

பதுமன் எழுந்து வந்துவிட்டான். வரும் வழியில் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதான் என்று சிறைக் காவலர்கள் பிற்பாடு சொன்னார்கள்.

ராஜாவுக்கு அன்றிரவும் பொட்டுத் தூக்கம் இல்லை. மறுநாள் மத்தியானம் வழக்கம்போல மல்லாந்து படுத்தான். மந்திரிகள் சுவரோரமாக நின்றார்கள். வாசலில் செங்கோடன் நின்ற அதே கல்லின்மேல் வாமதேவர் வேலோடு நின்றார். வேல் கனத்ததால் கையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். பதுமன் கட்டிலருகே வெறுங்கையோடு உட்கார்ந்தான்.

"விளக்கு எங்கே?" என்று வாமதேவர் கிசுகிசுத்தார்.

"எடுக்க வேண்டிய நேரத்தில் எடுப்பேன்."

ராஜா படுத்த மாத்திரத்தில் தூங்கிவிட்டான். குறட்டை வந்தது. இமைக்குள் விழிகள் அசையாமல் கிடந்தன. நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஒரு மந்திரி நின்றபடியே தூங்கினார். வாமதேவர் கொட்டாவி விட்டு, ஈயம் காய்ச்சச் சொல்லலாமா என்று சைகை காட்டினார்.

வெயில் ஜன்னலிலிருந்து கட்டில் காலுக்கு நகர்ந்த பிறகு குறட்டை நின்றது. ராஜாவின் தாடை தளர்ந்தது. கை கால்கள் துவண்டு, பிசைந்த மாவு போலக் கிடந்தன. மூடிய இமைக்குள் விழிகள் ஓட ஆரம்பித்தன. மூச்சு சீராக இல்லாமல் ஏறி இறங்கியது. சுண்டுவிரல் ஒரு தடவை துடித்தது. பிறகு மூக்கிலிருந்து மெல்லிய முனகல், கொசு பறக்கிற அளவுக்கு.

பதுமன் திரும்பினான். "நிமித்திகரே, மன்னர் யாரையாவது அழைக்கிறாரா? உமது உத்தியோகத்தின்மேல் ஆணையாகச் சொல்லும்."

"யாரையும் அழைக்கவில்லை. மன்னர் சுகமாக உறங்குகிறார்" என்றார் வாமதேவர், எல்லார் காதிலும் விழும்படி.

பதுமன் வலது கையை நீட்டி ராஜாவின் தோளைத் தொட்டான். தொட்டு, அழுத்திப் பிடித்தான்.

"தொட்டான்! மேனியைத் தொட்டுவிட்டான்! கையை வெட்டுங்கள்!" என்று வாமதேவர் கத்தினார்.

ராஜா அலறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். பதுமன் கையை அவனே பற்றிக்கொண்டான். முழங்கியது முதலில் கோபம்தான். "வாமதேவரே! அங்கே நிற்பது நீர்தான் என்று நினைவிருந்தது. உம் பெயரைச் சொல்லித்தானே அழைத்தேன்! எத்தனை முறை அழைத்தேன்! ஏன் வரவில்லை?"

வாமதேவர் கையிலிருந்த வேல் கீழே விழுந்தது.

"அரசே" என்றான் பதுமன், "நிமித்திகர் செவியிலும் ஒன்றும் விழவில்லை. இத்தனை மந்திரிகள் செவியிலும் விழவில்லை. ராஜ்யத்தில் அவ்வளவு ஈயம் இருக்கிறதா என்று தெரியவில்லை."

யாரும் சிரிக்கவில்லை. ராஜா பதுமனையே பார்த்தான். "அப்படியானால் என் குரல் எங்கே போயிற்று?"

"எங்கும் போகவில்லை. தொண்டையிலேயே இருந்தது. கனவு காணும் நேரத்தில் உடம்பு தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கொள்கிறது, அரசே. கனவில் வாள் வீசினால் பக்கத்தில் படுத்தவர் கழுத்து போகக் கூடாதே, அதற்காக. மூச்சுக்கும் விழிக்கும் மட்டும் அந்தக் கட்டு இல்லை. சில வேளை கட்டு அவிழும் முன்பே மனம் விழித்துக்கொள்கிறது. அப்போது கண்ணைத் திறந்துவிட்டதாக நினைக்கிறோம், இமை மூடியே இருக்கிறது. கத்துவதாக நினைக்கிறோம், நாக்கு புரளவே இல்லை. மூச்சை நம் இஷ்டத்துக்கு இழுக்க முடியாததால் நெஞ்சில் பாரம் ஏறின மாதிரி இருக்கிறது. ஊரில் இதை அமுக்குவான் பேய் என்பார்கள். ராத்தூக்கம் கெட்டவனை அது அடிக்கடி பிடிக்கும். மல்லாந்து படுத்தவனை இன்னும் சுலபமாகப் பிடிக்கும்."

"நீ எப்படி அறிந்தாய்?"

"எனக்கும் வரும். வாலிபத்திலிருந்து வருகிறது. ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்துவேன். என் மனைவிக்குக் கேட்பது ஒரு முனகல்தான். கேட்டவுடனே தோளைத் தொடுவாள், கட்டு அவிழ்ந்துவிடும். யாரும் தொடாவிட்டாலும் தானாக அவிழும். ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அதில் தனியாகக் கிடப்பது கொடுமை."

ராஜாவின் குரல் தாழ்ந்தது. "என் தந்தைக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டதென்று நினைத்தேன், பதுமா. இரண்டு முறையும் அப்படித்தான் நினைத்தேன்."

"அவருக்கு வந்தது விழித்திருக்கும்போதும் விடாத நோய். தங்களுடையது விழித்ததும் விட்டுவிடுகிறது. இதோ, பேசுகிறீர்கள். என்னைப் பார்க்கிறீர்கள்."

வெற்றிவேள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். தகப்பனார் இறந்தபோது அழாத அழுகை அது.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "விளக்கு கொண்டுவருவதாகச் சொன்னாயே?" என்றான்.

பதுமன் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். "கொண்டுவந்தேன். தங்கள் தோளில் வைத்தேன். இதே விளக்கை அன்றைக்குச் செங்கோடனும் தூக்கிக்கொண்டு கட்டில்வரை வந்தான், அரசே. தங்கள் வம்சத்துச் சட்டம்தான் ஊதி அணைத்தது."

ராஜா அந்தக் கையைப் பார்த்தான். கீழே கிடந்த வேலைப் பார்த்தான். இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு நடுங்கும் வாமதேவரைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு என்பதால் முதலில் இருமல் போலத்தான் வந்தது.

"கையை எடும், வாமதேவரே. உம் செவிகள் உம்மிடமே இருக்கட்டும். உம் பலன்களை மட்டும் இனி நீரே கேட்டுக்கொள்ளும்."

அன்றே அந்த இரண்டு சட்டங்களும் ஒழிந்தன. பதுமனுக்குப் பட்டும் முத்துமாலையும் கிடைத்தன. மாலையை அவன் மனைவி கழுத்தில் போட்டு, அது உன் கைக்குக் கிடைத்த கூலி என்றானாம்.

செங்கோடன் வீட்டுக்குப் போய், மகள் பேசுவதை ஆசை தீரக் கேட்டுவிட்டு, மறுநாள் காவலுக்கு வந்தான். ராஜா குடியானவனைப் போல ஒருக்களித்துப் படுத்திருந்தான். பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு மத்தியானம் குறட்டை நின்று, மூக்கால் ஒரு முனகல் கேட்டது. செங்கோடன் வேலைச் சுவரில் சாத்திவிட்டு ஓடிப்போய் ராஜாவின் தோளைத் தொட்டான்.

வெற்றிவேள் கண்ணைத் திறந்தான். "கூப்பிட்டேன்" என்றான்.

"கேட்டுச்சுங்க, மகாராஜா" என்றான் செங்கோடன்.