வேனில் பிடித்து வைத்த இடம்

மலையடி ஊர் ஒன்றில் பெண்களுக்கென்று ஒரு தியானக்கூடம் இருந்தது. அதை நடத்திவந்த திலகவதிக்கு முப்பத்தெட்டு வயசு. ஊரார் டீச்சர் என்பார்கள், அங்கே உட்கார வருகிறவர்கள் குருவம்மா என்பார்கள். அவர்களில் மூத்தவள் பரிபூரணம். குருவம்மாவுக்குத் தாய் வயசு.

ஒரு புதன்கிழமை காலை எல்லாரும் எழுந்து போன பிறகும் பரிபூரணம் மட்டும் எழவில்லை.

“குருவம்மா, எனக்கு ஒரு காரணம் வேணும்.”

“எதுக்கு?”

“பக்கத்து வீட்டுப் பாக்கியம் கூட்டத்துக்குக் கூப்பிடுறா. மூணு நாள் உபவாச ஜெபம். வெள்ளிக்கிழமை விடியக்காலம் வேன் வருது. நான் போக மாட்டேன். என் கும்பிடு எனக்கு இங்கதான். அதை அவகிட்ட சொன்னா அவ சாமியைக் குறைச்சலாச் சொன்ன மாதிரி ஆயிடும். முப்பது வருஷமா ஒரே மதில் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கோம். அது போயிடும்.”

“இதுவரைக்கும் என்ன சொன்னீங்க?”

பரிபூரணம் தலையைக் குனிந்துகொண்டாள். போன வருஷம் காய்ச்சல் என்று படுத்தாள். பாக்கியம் கஞ்சி காய்ச்சி எடுத்துவந்து, தலைமாட்டில் உட்கார்ந்து அரைமணி நேரம் ஜெபம் பண்ணினாள். கண்ணைத் திறக்க வழியில்லாமல் இவள் கிடந்தாள். அதற்கு அடுத்த தரம் மகன் வருகிறான் என்றாள். அவனையும் கூட்டிக்கொண்டு வா, வேனில் இடம் இருக்கிறது என்று பதில் வந்தது. இந்தத் தரம், முந்தாநாள் அவள் நீட்டிய நோட்டீஸை ஒன்றும் தோன்றாமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டாள்.

“நம்ம பக்கத்துல பார்க்கலாம்னா வரலைன்னுதானே அர்த்தம், குருவம்மா?”

“உங்களுக்கு. அவங்களுக்கு?”

“பேரை எழுதிட்டா. எனக்கு முட்டு வலின்னு டிரைவர் பக்கத்துல இடம் பிடிச்சு வச்சிருக்கா.” பரிபூரணம் குரலைத் தாழ்த்தினாள். “எனக்கு ஒரு சந்தேகம். ஒவ்வொருத்தரும் இத்தனை பேரைக் கூட்டி வரணும்னு அங்க சொல்லி விட்டிருப்பாங்களோ? அதுக்குத்தான் இத்தனை காலமும் என்கிட்ட ஒட்டிக்கிட்டாளோ? கிறிஸ்துமஸுக்கு முறுக்கு கொடுத்ததெல்லாம்கூட இப்ப வேற மாதிரித் தெரியுது.”

வாசலில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

“டீச்சரம்மா இருக்கீங்களா?”

பாக்கியத்தின் குரல். பரிபூரணம் முட்டு வலியையும் மறந்து எழுந்து, அடுப்படித் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

பாக்கியம் உள்ளே வந்து உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினாள். குருவம்மா அதை மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். யார் பேசுகிறார், பாட்டு உண்டா, மூன்று நாளும் தண்ணீர் மட்டும்தானா என்றெல்லாம் கேட்டாள். பாக்கியம் உற்சாகமாகச் சொல்லச் சொல்ல, திரைக்குப் பின்னால் பரிபூரணம் காதைத் தீட்டிக்கொண்டாள். இந்த அம்மாவும் கிளம்பிவிடுவாள் போலிருக்கிறதே. இரண்டு பேரும் முன்பே பேசி வைத்திருப்பார்களோ?

“அப்ப நீங்களும் வாங்க டீச்சரம்மா. ஒரு நாள் போதும்.”

“கூப்பிட்டதுக்கு ரொம்ப சந்தோஷம் பாக்கியம்மா. நான் வரலை.”

“வேலை இருக்கா?”

“வேலை ஒண்ணும் இல்லை.”

“பின்னே?”

“நான் சாமி கும்பிடுற விதம் இது. இங்க உட்கார்ந்து. அதோட எனக்கு நிறைஞ்சு போகுது.”

பாக்கியம் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, “அப்ப எங்க கூட்டம் தப்புங்கிறீங்க” என்றாள்.

“நான் அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே. நான் வரலைங்கிறதை மட்டும்தான் சொன்னேன்.”

“ஒரு தரம் வந்து பார்த்துட்டுச் சொல்லலாம்ல?”

“ஒரு தரமும் வர மாட்டேன். பார்க்கலாம்னு சொல்லி உங்களைக் காக்க வைக்கக் கூடாது.”

“சரி, பேரையாவது சீட்டுல எழுதிக் கொடுங்க. மேடையில வச்சு ஜெபிப்பாங்க.”

“சீட்டு வேண்டாம். நீங்களா என்னை நினைச்சு வேண்டிக்கிட்டா, அது உங்க பிரியம். அதை வேண்டாம்னு சொல்ல மாட்டேன்.” குருவம்மா நோட்டீஸை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். “இது வர்றவங்க யாருக்காவது ஆகும். திங்கட்கிழமை காலையில நொய்க்கஞ்சி வச்சிருப்பேன். உபவாசம் முடிச்ச வயிறு, அதுதான் தாங்கும். வந்து குடிச்சிட்டு, கூட்டம் எப்படி இருந்ததுன்னு சொல்லுங்க.”

பாக்கியம் சிரித்தாள். முழுச் சிரிப்பு இல்லை.

“கஞ்சின்னதும் ஞாபகம் வருது. போன வருஷம் பூரணம் காய்ச்சல்னு படுத்தா. ஜெபம் பண்ணுறப்ப நெத்தியைத் தொட்டேன். பானைத் தண்ணி மாதிரி சில்லுனு இருந்துச்சு.”

“அப்புறமும் கஞ்சி கொடுத்தீங்களா?”

“வரலைன்னு சொல்லப் பயந்துபோய்ப் படுத்துக் கிடக்கா. பயந்தவளுக்கும் பசிக்கும்ல.”

திரை அசைந்தது. பரிபூரணம் வெளியே வந்தாள். பாக்கியம் ஆச்சரியப்படவில்லை.

“வாசல்ல வார் அறுந்து ஒத்தைப் பின்னு குத்தின செருப்பு கிடந்துச்சு. இந்த ஊர்ல அது உன்னை விட்டா யாரு போடுவா?” என்றாள்.

மதில் சுவர் உறவு இன்றோடு சரி என்று பரிபூரணம் நினைத்தாள்.

“பாக்கியம், நான் வரலை.”

“முட்டு வலியா?”

“இல்லை. வலி இல்லாட்டியும் வர மாட்டேன். இந்த வருஷமும் இல்லை, வர்ற வருஷமும் இல்லை. நீ போறதுல எனக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது. நீ நல்லபடியாப் போயிட்டு வா. என் பேரை அடிச்சிடு.”

“டிரைவர்கிட்ட சண்டை போட்டு வாங்கின இடம்.”

“தெரியும். முந்தாநாளே சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு.”

பாக்கியம் பையைத் தோளில் போட்டுக்கொண்டாள். முகம் சுண்டிப் போயிருந்தது.

“ஆட்டுரல் தெரு மரியாளுக்கு வேன்ல பின் சீட்டுல உட்கார்ந்தா வாந்தி வரும். அவளை அந்த இடத்துல உட்கார வைக்கிறேன்.”

“உன் செடிக்குத் தண்ணி?”

பாக்கியம் நிலைப்படியில் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“சாயங்காலம் ஊத்து. கருவேப்பிலைக்கு ரொம்ப ஊத்திடாத. போன தரம் அழுக வச்சிட்டே.”

போய்விட்டாள். படியிறங்கும் சத்தம் தெருவில் மறையும்வரை பரிபூரணம் அசையவில்லை. பிறகு குருவம்மாவின் அருகில் வந்து உட்கார்ந்தாள். மனசு இன்னும் ஆறவில்லை.

“குருவம்மா, அவ என் செருப்பைப் பார்த்துட்டுத்தானே உள்ள வந்தா? அந்தக் கஞ்சிப் பேச்சு, நான் கேட்கணும்னே பேசினதா இருக்குமோ?”

“இருக்கலாம்.”

“அப்ப அவ கூப்பிட்டது என் மேல உள்ள பிரியத்துலயா, ஆள் சேர்க்கவா? நீங்க அவ முகத்துக்கு நேரா உட்கார்ந்திருந்தீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

குருவம்மா பாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்.

“வரலைன்னு சொல்றதுக்கு அது தெரியணுமா?”