பாங்குக்குப் பின்னும் பசித்திருந்தவன்

தீர்ப்பை உங்களிடம் விட்டுவிடும் கதை இது. தீர்ப்புச் சொல்ல நீங்கள் நோன்பு வைத்தவராக இருக்க வேண்டியதில்லை. ஒரு நாளாவது பசித்திருந்தால் போதும்.

கீழக்கரையில் நெய்னா முகம்மதுவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பல்கீஸ் பரமக்குடியில் வாழ்க்கைப்பட்டவள். இளையவன் இபுராம்சாவுக்கு ஒன்பது வயது. முந்தைய ரமலான்களில் அவன் காலையில் நோன்பு பிடிப்பான். நண்பகலில் அடுப்படிக்கு வந்து நிற்பான். பல்கீஸ்தான் சோறு போடுவாள். "இன்னிக்கு அரை, நாளைக்கு அரை. ரெண்டையும் தைச்சு ஒண்ணாக்கிடலாம்டா" என்பாள். அவன் அதை வெகுநாள் நம்பியிருந்தான்.

இந்த ஆண்டு சோறு போட அவள் இல்லை. முழு நோன்பு பிடிக்கப்போவதாக அவன் தொலைபேசியில் சொன்னான்.

"அப்ப நானும் வர்றேன். என் கையால பேரீச்சம்பழம் தந்து நான்தான் உன்னை நோன்பு திறக்க வைப்பேன். அதுவரைக்கும் வேற யார் தந்தாலும் வாங்கக் கூடாது, சரியா?"

"வாங்க மாட்டேன் லாத்தா" என்றான் அக்காவிடம்.

நோன்பாளிக்குத் திறக்கக் கொடுப்பவருக்கும் அந்த நோன்பாளிக்குரிய அதே நன்மை உண்டு. அதனால் நோன்பாளியின் நன்மையில் எதுவும் குறையாது. இது அவ்வூரில் எல்லாரும் அறிந்தது. ஆனால் பல்கீஸ் கேட்டது நன்மைக்காக மட்டும் அல்ல. கல்யாணத்துக்குப் பிறகு தம்பி தன்னோடு விருந்தாளியிடம் பேசுவதுபோலப் பேசுகிறான் என்று அவளுக்கு ஒரு குறை.

அன்று விடியுமுன் சஹர் உணவுக்கு எழுந்து சோறும் கறியும் சாப்பிட்டான். தண்ணீர் டம்ளர் பாதியில் இருக்கையில் விடியல் தொழுகைக்கான சுபுஹு பாங்கு ஒலித்தது. வாப்பா கை நீட்டி டம்ளரை வாங்கி வைத்தார்.

"தாகமா இருக்கு வாப்பா."

"இருக்கட்டும். பாங்கு சொல்லியாச்சு."

பகல் மெதுவாகப் போனது. தொழுகைக்குமுன் கைகால் கழுவி ஒளுச் செய்தபோது வாய் கொப்பளித்த தண்ணீரில் ஒரு துளி உள்ளே போயிருக்குமோ என்று பயந்து முற்றத்தில் துப்பிக்கொண்டே இருந்தான். "எச்சிலை முழுங்கினா நோன்பு போகாதுடா. முற்றத்தைக் குளமாக்காதே" என்றாள் உம்மா. நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு தலை வலித்தது. அடுப்படிப் பக்கம் போகாமல் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டான். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு தூக்குவாளியோடு பள்ளிவாசலுக்குப் போய்க் கஞ்சி வாங்கி வந்தான். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, கொத்துக்கறி, தேங்காய்ப்பால். அந்த வாசனையைச் சுமந்துகொண்டு வீடுவரை நடப்பதுதான் நாளின் மிகக் கடினமான வேலையாக இருந்தது.

பல்கீஸ் பிற்பகலிலேயே கிளம்பியிருந்தாள். இராமநாதபுரத்தைத் தாண்டியதும் பேருந்தின் டயர் வெடித்தது. அவள் கைபேசியில் சார்ஜும் தீர்ந்திருந்தது.

வீட்டில் பாய் விரித்தார்கள். கஞ்சியும், இறால் வைத்த வாடாவும், பேரீச்சம்பழமும், தண்ணீரும் வந்தன. சூரியன் இறங்கியது. மஃரிபு பாங்கு ஒலித்தது. வாப்பா பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்து, துஆ ஓதி, தண்ணீர் குடித்தார். மகனுக்கும் ஒரு பழம் நீட்டினார். அவன் தலையை ஆட்டினான்.

"லாத்தாட்ட சொல்லிட்டேன்."

"நேரத்துக்கு வந்துருவோம்னு நினைச்சுச் சொன்னாடா அவ. நீ திற."

"இன்னும் தாங்குவேன் வாப்பா."

அந்தக் குரலில் சற்றுப் பெருமையும் இருந்தது. வாப்பா இரண்டு வாய் கஞ்சி குடித்துவிட்டுத் தொழுகைக்குப் போனார். உம்மா உதடுவரை கொண்டுபோன பழத்தைக் கீழே வைத்தாள். "நீ பட்டினியா இருக்கையில எனக்கு எப்படிடா இறங்கும்?"

அதே நேரம், நின்றுபோன பேருந்தில், சாலையோரப் பள்ளிவாசலின் பாங்கு பல்கீஸின் காதில் விழுந்தது. மடியில் தம்பிக்கென்று வாங்கிய பேரீச்சம்பழப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. பக்கத்து இருக்கைப் பெண் தண்ணீர்ப் புட்டியை நீட்டி, "பாங்கு சொல்லுதுல்ல, திறம்மா. எதுக்குப் பார்த்துக்கிட்டு இருக்கே" என்றாள். பல்கீஸ் சிறிது தயங்கினாள். பிறகு பொட்டலத்தைக் கிழித்து ஒரு பழம் எடுத்து நோன்பு திறந்தாள்.

அவள் வீடு வந்தபோது கஞ்சியில் ஆடை படிந்திருந்தது. வாப்பாவும் பள்ளிவாசலிலிருந்து திரும்பியிருந்தார். இபுராம்சாவின் கண் கிழிந்த பொட்டலத்தின் மேல் போயிற்று.

"நீ திறந்துட்டியா?"

"பாங்கு சொன்னதும் திறந்தேன்டா."

"நான் திறக்கலை. உம்மாவும் திறக்கலை. அப்ப என் நோன்புதானே பெருசு?"

கதை இங்கே நிற்கிறது. வாப்பா நேரத்தில் திறந்தார். பல்கீஸ் தம்பிக்கு வைத்திருந்ததைக் கொண்டே திறந்தாள். சிறுவன் சொல்லைக் காத்துப் பசித்திருந்தான். உம்மா அவனுக்காகப் பசித்திருந்தாள். இந்த நால்வரில் நோன்பை நோன்பாக முடித்தவர் யார்? சிறுவனின் நோன்பு பெரிதா?

விடை: வாப்பாவும் பல்கீஸும். சூரியன் மறைந்ததுமே, வாயில் எதுவும் போடாவிட்டாலும், அன்றைய நோன்பு முடிந்துவிடுகிறது. சிறுவனின் நோன்பு முழு நோன்புதான், அதில் ஒரு குறையும் இல்லை; ஆனால் பாங்குக்குப் பின் அவன் இருந்தது வெறும் பட்டினி, அதனால் எதுவும் கூடவில்லை. விடியலில் வேண்டாம் என்றதற்குக் கட்டுப்படுவது போலவே அந்தியில் உண் என்பதற்கும் கட்டுப்பட வேண்டும். தாமதிக்காமல் திறப்பதே முறை. உம்மாவும் சட்டப்படி பிந்திவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல்கீஸ் இதையெல்லாம் விளக்கவில்லை. ஒரு பழத்தை அவன் வாயில் வைத்தாள். "இது நோன்பு திறக்கிறதா லாத்தா?" "இல்லைடா. அது பாங்கோட முடிஞ்சிருச்சு. இது சும்மா நான் தர்ற பழம்." அவன் நெடுநேரம் மென்றான். கொட்டையைக் கையில் துப்பிவிட்டு, "நாளைக்கு உனக்காகக் காத்திருக்க மாட்டேன்" என்றான். "இருக்காதே" என்றாள் அவள்.