மீனத்தைப் பார்க்க இடித்த சுவர்கள்

ராசி வீடுகள் பன்னிரண்டும் ஒரே வட்டத் தெருவாக இருந்து, தேளும் மீனும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், எந்தக் கிரகத்துக்கும் ஒரே ஜன்னல்தான். தன் வீட்டை ஒன்றென்று எண்ணினால் ஏழாவதாக வரும் எதிர்வீடு மட்டும் தெரியும். பார்வை படுகிற இடத்துக்குத்தான் அந்தக் கிரகத்தின் சக்தியும் போகும்.

மகரத்தில் சனி குடியிருந்தார். எதிரே கடகத்தில் குரு. மாதக்கணக்கில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சலித்துப்போயிருந்தார்கள்.

ஒருநாள் சனியின் காகம் பறந்து வந்தது. "ஐயா, மீனத்துக் குளம் ஓட்டை! மீன் ரெண்டும் சேத்துல துடிக்குது. எதிரே கன்னி வீடு காலி. பார்க்க ஒரு நாதியில்ல!"

குரு பதறினார். "ஐயோ, அது என் சொந்த வீடாச்சே! இங்கிருந்து தெரியலையே சனி!"

சனிக்கு நொண்டிக் கால். ஒரு வீடு கடக்க இரண்டரை வருஷம். நடந்து போனால் கருவாடுதான் மிஞ்சும். படைத்தவர் கட்டிய சுவரை இடித்தாலோ குடியிருக்கும் உரிமையே போய்விடும். சனி பெருமூச்சு விட்டார். பிறகு கைத்தடியை ஓங்கினார்.

சுவர் இடிந்து, மூன்றாம் வீடான மீனம் தெரிந்தது. சனி பார்த்தால் எதுவும் தாமதப்படும். ஒழுகிய நீர் சொட்டுச் சொட்டானது. ஆனாலும் நிற்கவில்லை. இன்னொரு சுவரை இடித்தார். பத்தாம் வீடான துலாம்.

"தராசுக்காரரே, மெழுகு இருக்கா?"

"எவ்வளவு நிறுக்கட்டும்?"

"நிறுக்காதீர், வீசும்!"

காகம் மெழுகைக் கவ்விப்போய் ஓட்டையை அடைத்தது. அப்படியே சிம்மத்தில் இருந்த செவ்வாயிடமும் சேதி சொன்னது.

செவ்வாய்க்குப் பொறுமை ஏது? முதலில் தன் சொந்த வீட்டைப் பார்க்க நாலாம் சுவரை உடைத்தார். அங்கே விருச்சிகத்துத் தேள், "எனக்கென்ன, நான் சுகம்! மீனைப் பாரும்!" என்றது. எட்டாம் சுவரும் விழுந்தது. மீனம் வறண்டு கிடந்தது. ஏழாம் ஜன்னலில் பார்த்தால் கும்பத்துக் குடக்காரன் குறட்டை விடுகிறான்.

"டேய்! பக்கத்து வீடு காயுது, கவிழ்டா குடத்தை!"

அலறியடித்துக் கவிழ்த்தான். கால் குளம்தான் நிறைந்தது.

குருவும் அவசரத்தில் ஐந்தாம் சுவரை இடித்தார். மறுபடி அதே தேள். "சாமி, நான் சுகம்னு எத்தனை பேருக்குச் சொல்றது? மறுபக்கமா எண்ணும்!"

மறுபக்கம் ஐந்து எண்ணி இடித்தார். நேராக எண்ணினால் அது ஒன்பது. குருவின் பார்வை பட்டது பெருகும்; குளம் தளும்பியது. மீன்கள் துள்ளியதில் குடக்காரன் நனைந்தான்.

படைத்தவர் வந்து நின்றார். "முதல்ல இடிச்சது யாரு?"

"நான்தான்," என்றார் சனி. "அடைக்கச் சொன்னா அடைச்சிடறேன். கொஞ்சம் மெதுவாத்தான் ஆகும்."

படைத்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ அடைச்சு முடிக்கறதுக்குள்ள யுகமே முடிஞ்சிடும். இருக்கட்டும். எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் இந்த ஜன்னல்கள் உங்களோட வரட்டும்."

அன்று முதல்தான் சூரியனும் சந்திரனும் புதனும் சுக்கிரனும் ஏழாம் வீட்டோடு நின்றுவிட, செவ்வாய் நாலையும் எட்டையும், குரு ஐந்தையும் ஒன்பதையும், சனி மூன்றையும் பத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.