தங்கமானவனின் முழுக்கூடு

குளத்துப் பக்கம் சாய்ந்து நின்ற கருவேல மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஆண் குருவி பாதிக் கூடுதான் பின்னவேண்டும். பெண் வந்து நாரை இழுத்துப் பார்ப்பாள், உள்ளே உட்கார்ந்து பார்ப்பாள். பிடித்துத் தங்கினால்தான் ஆண் குருவி கீழே குழாய் வாசல் வைத்து முடிப்பான்.

சுருளன் என்ற குருவியின் பாதிக் கூடு போன வருஷம் ஆளில்லாமலே காய்ந்து விழுந்தது. இந்த வருஷம் மேற்குக் கிளையில் புதிதாகப் பாதிக் கூடு பின்னியிருந்தான். இந்த மழைக்காலமும் வெறுமனே போனால் மரத்தில் தலைகாட்ட முடியாது என்று கலங்கிக் கிடந்தான்.

அப்போதுதான் செவ்வந்தி என்கிற பெண் குருவி அவன் கிளையில் வந்து உட்கார ஆரம்பித்தாள். வல்லூறு துரத்திய கதையையும் சிறகு வலியையும் சொல்வாள். நார் கிழித்துக் காயம்பட்ட காலை மடக்கிக்கொண்டு சுருளன் வாயைப் பிளந்து கேட்பான். ஒருநாள் கிளம்பும்போது சொன்னாள்:

"நீ தங்கமானவன் சுருளா. உன்கிட்ட எதையும் மனசுவிட்டுப் பேசலாம்."

சுருளனுக்குக் கால் கிளையில் பாவவில்லை. மறுநாளே காத்தாயி என்கிற இன்னொரு பெண் குருவி வந்து அவன் கூட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நாரைக் கொத்தி இழுத்தாள்.

"முடிச்சு தளர்ந்திருக்கு. மேற்குப் பக்கம் கட்டியிருக்கியே, காத்து அடிச்சா குஞ்சு என்ன ஆகும்? வேற கிளை இல்லையா?"

'தங்கம் என்கிறாள் ஒருத்தி, தளர்ந்திருக்கு என்கிறாள் ஒருத்தி' என்று மனசுக்குள் கறுவிக்கொண்டு, இடம் ஏற்கெனவே பேசியாகிவிட்டது என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினான். அன்றே குழாய் வாசலையும் வைத்து முடித்துவிட்டான். மரமே சிரித்தது.

அடிமரத்தில் ஓர் ஓணான் இருந்தது. சுருளனின் சேக்காளி. எதற்கெடுத்தாலும் தலையாட்டும், அதைச் சம்மதம் என்று நம்பி ஏமாந்த எறும்புகள் அநேகம்.

செவ்வந்தி தன்னைத் தங்கமானவன் என்றதைச் சுருளன் அதனிடம் சொன்னான்.

"எப்ப சொன்னா?" என்று கேட்டது ஓணான்.

"கிளம்பும்போது."

"கிளம்பும்போது எல்லாரும் நல்லதாத்தான் ஒண்ணு சொல்லிட்டுப் போவாங்க, மாப்ளே. உன் கூட்டைத் தொட்டாளா? நீ சாப்பிட்டியா, உன் கால்ல என்ன காயம்னு ஒரு வார்த்தை கேட்டாளா?"

சுருளன் யோசித்துப் பார்த்தான். வல்லூறு ஞாபகம் வந்தது. சிறகு வலி ஞாபகம் வந்தது. தன்னைப் பற்றிய பேச்சு ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. இருந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை, என்னிடம் மட்டும்தான் அப்படிச் சொன்னாள் என்றான். ஓணான் தலையாட்டிவிட்டுக் குளத்தைப் பார்த்தது.

அங்கே ஓர் எருமை சேற்றில் கிடந்தது. அதன் முதுகில் செவ்வந்தி உட்கார்ந்து வல்லூறு கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். எருமை அசைபோட்டது; காதைக்கூட ஆட்டவில்லை. கதை முடிந்து எழும்பும்போது அவள் குரல் கரைவரைக்கும் கேட்டது.

"நீ தங்கமானவன். உன்கிட்ட எதையும் மனசுவிட்டுப் பேசலாம்."

சுருளன் வெகுநேரம் அந்த எருமையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதன் முகத்தில் கல்யாணக் களை எதுவும் தெரியவில்லை.

"நீயா அர்த்தம் வச்சுக்கிட்டு ஏன் மல்லாடுறே? நேராக் கேட்டுடேன்" என்றது ஓணான்.

அடுத்த தடவை செவ்வந்தி வந்தபோது, தொண்டையைச் செருமிக்கொண்டு, என் கூட்டில் தங்குவாயா என்று கேட்டான். அவள் அப்போதுதான் கூட்டையே நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயையோ, சுருளா. நான் சொன்னது பொய்யில்லை. இந்த மரத்துல எங்க உட்கார்ந்தாலும் என் கூட்டைப் பாரு, என் கூட்டைப் பாருன்னு உயிரை வாங்குறாங்க. நீ ஒருத்தன்தான் ஒண்ணும் கேட்கலை. அதனாலதான் இங்க வந்தேன்." பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்: "இப்ப நீயும் கேட்டுட்டே."

போய்விட்டாள். கோபம் இல்லை, அன்பும் குறையவில்லை. அதுதான் அவனுக்கு அதிகம் வலித்தது.

மழை மிச்சமிருந்தது. சுருளன் கிழக்குக் கிளையில் பச்சை நாரால் புதிதாகப் பின்ன ஆரம்பித்தான். பாதிக் கூடு ஆனதும் காத்தாயி வந்தாள். அவளுக்கும் இடம் அமையவில்லை போலிருக்கிறது. வணக்கமில்லை, விசாரிப்பில்லை. தொங்கிக்கொண்டே நாரை இழுத்தாள்.

"இந்த முடிச்சு பரவாயில்லை. அந்த ஓரம் இன்னும் தளர்ச்சிதான்" என்றாள். சொல்லிவிட்டுப் போகவில்லை; உள்ளே ஏறி உட்கார்ந்தாள். "பார்த்துக்கிட்டே நிக்கிறியே. உன் கால் என்ன, வீங்கியிருக்கு?"

மேற்குக் கிளையில் காலிக்கூடு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. தங்கம் என்று யாரும் சொல்லாமலே சுருளன் குழாய் வாசலுக்கு நார் கிழிக்கப் பறந்தான்.

பொதுவாகச் சொன்ன புகழ்ச்சியைப் பொதுவாகவே வாங்கிக்கொள்ள வேண்டும். நம்மேல் நாட்டம் உண்டா என்பதை, சொன்னவர் நம்மைப் பற்றி என்ன கேட்கிறார், அடுத்து என்ன செய்கிறார் என்பதில்தான் பார்க்கவேண்டும்.