படத்துக்குக் கீழே ஒரு வரி

குருவைத் தேடுகிறவர்கள் மலைக்குப் போவார்கள். அழகியநம்பி பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்.

அவருக்கு அறுபத்தொரு வயது. முப்பத்திரண்டு வருஷம் தமிழ் வாத்தியார். அவர் தேடிப் போன திவான் மைதீனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள கடையில் பரோட்டா போடுகிறவன். ஊரே அவனை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும்.

காலை பதினோரு மணி. கடையில் கூட்டமில்லை. சாயங்காலத்துக்கு மாவு பிசையும் நேரம். வாசல் பக்கம் பேச்சியம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பரோட்டா அஞ்சு மணிக்குத்தான் சார்" என்றான் மாஸ்டர்.

"சாப்பிட வரல தம்பி. இதைப் பாரு."

நம்பி செல்போனை நீட்டினார். திரையில் ஒரு படம். முகம் இல்லை, ஆள் இல்லை. மணிக்கட்டு வரை இரண்டு கைகள், கீழே எண்ணெய் மினுங்கும் ஒரு பெரிய மாவுத் திரள்.

"அட, என் கை! அன்னைக்கு ஒரு பிள்ளை கேமராவோட வந்துச்சே."

"என் மகள். வகுளா."

பேச்சியம்மா கத்தியை நிறுத்தினாள். "ஊருக்கு வந்துட்டு உங்களைப் பாக்காமலா போனா?"

"ஒரு ராத்திரி இருந்தாள்" என்றார் நம்பி.

அவளை பி.எட். சேரச் சொன்னார், அவள் சேரவில்லை. மறுபடி சொன்னார். மாப்பிள்ளை பார்த்தார். மறுபடி மறுபடி சொன்னார். நாலு வருஷமாக அவள் சென்னையில் இருக்கிறாள். தீபாவளிக்கு ஒரு போன், பொங்கலுக்கு ஒரு போன். நேற்றுக் காலை, யாரும் கேட்காமல், அவளாகவே ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். சென்னையில் அவளுடைய படங்களை ஒரு கூடத்தில் மாட்டுகிறார்களாம். இந்தப் படத்துக்குக் கீழே போட ஒரு வரி வேண்டுமாம். இன்று சாயங்காலம் நாலு மணிக்குள் அப்பா எழுதித் தர வேண்டுமாம்.

அந்தச் செய்தியை நம்பி இருபது தடவையாவது படித்திருப்பார். நேற்றிலிருந்து ஏழு வரிகள் அனுப்பிவிட்டார். ஏழுக்கும் ஒரே பதில்தான். 'வேண்டாம்ப்பா.' இன்று காலை வந்தது கொஞ்சம் நீளம். 'கஷ்டமா இருந்தா விட்டுடுங்கப்பா. நானே பாத்துக்கறேன்.'

"அப்படி என்னதான் எழுதினீங்க சார்?" என்றான் மாஸ்டர்.

நம்பி தொண்டையைச் செருமிக்கொண்டார். "வியர்வையில் மலரும் வெண்மை."

"ஐயையோ! வியர்வைன்னு போட்டுராதீங்க. சுகாதார ஆபீசர் படிச்சா கடையைப் பூட்டிருவாரு."

பேச்சியம்மா சிரித்தாள். நம்பிக்குச் சிரிப்பு வரவில்லை.

"வலிய கரங்களின் இடையறாத் தாளம்."

"இது சினிமாப் பேரு மாதிரி இருக்கே."

"தம்பி, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. இந்தப் படம் எடுத்தப்ப உன் கை என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சு?"

மாஸ்டர் படத்தை மறுபடி பார்த்தான். போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"சட்டைக் கையை மடிங்க சார்" என்றான். "மோதிரத்தையும் கழட்டுங்க."

கல்மேடையில் இரண்டு கிலோ மைதாவைக் கொட்டி நடுவில் குழி பறித்தான். குழிக்குள் உப்பு, கொஞ்சம் சர்க்கரை, ஒரு கரண்டி எண்ணெய்.

"முட்டை?" என்றார் நம்பி, சற்றே பயந்து.

"அது சாயங்கால மாவுக்கு. இது உங்க மாவு."

குழியில் தண்ணீர் ஊற்றினான். "உள்ளே இருந்து வெளியே வாங்க. கரையை உடைச்சிராதீங்க."

நம்பி விரல்களால் சுற்றினார். தண்ணீர் கரையை அரித்துக் கஞ்சியானது, கஞ்சி கூழானது. கூழ் விரலிடுக்கெல்லாம் ஏறிக்கொண்டது. கையை உதறினார். போகவில்லை. பக்கத்திலிருந்த மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி மாவை அள்ளினார்.

மாஸ்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்தான். "ஒட்டுதுன்னு மாவு போடக் கூடாது."

"கையை விட மாட்டேங்குதே!"

"முதல்ல ஒட்டத்தான் செய்யும். பிசையப் பிசைய அதுவே விடும். மேல மாவு போட்டீங்கன்னா வர்றது பரோட்டா இல்ல. பலகை."

உள்ளங்கையின் அடியால் தள்ள வேண்டும். விரலால் இழுத்து மடிக்க வேண்டும். கால் வட்டம் திருப்ப வேண்டும். தள்ளு, மடி, திருப்பு. அவ்வப்போது மொத்தத்தையும் தூக்கிக் கல்லில் அறைய வேண்டும். மாஸ்டர் ஒரு முறை செய்து காட்டிவிட்டு நகர்ந்துகொண்டான்.

தள்ளு, மடி, திருப்பு. முதலில் நம்பியின் தோள்தான் வேலை செய்தது, கை சும்மா போய் வந்தது. பத்து நிமிஷம் போனதும் ஏதோ ஒன்று பிடிபட்டது. ஈரமண் மாதிரி சொரசொரப்பாக இருந்த மாவு ஒன்றுகூடிக்கொண்டது. கல்லைவிட்டு, விரலைவிட்டு, தானே உரிந்து வந்தது. தள்ளும்போது ஒரு மூச்சு, மடிக்கும்போது ஒரு மூச்சு. அறையும் சத்தம்கூட மாறியிருந்தது. முன்பு சேற்றில் கால் வைத்த மாதிரி 'சொத்' என்றது. இப்போது முதுகில் தட்டின மாதிரி 'தப்' என்றது. ஒன்பதாம் வகுப்புக்கு வெண்பா ஓசையை மேசையில் தட்டிக் காட்டியது அவருக்கு ஞாபகம் வந்தது.

மாவு காதுமடல் போல மெத்தென்று ஆனது. நம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னும் நன்றாக வரட்டும் என்று இன்னும் பலமாகத் தள்ளினார். இன்னும் பலமாக மடித்தார்.

கொஞ்ச நேரத்தில் மாவு திமிறத் தொடங்கியது. தள்ளினால் போகவில்லை. போனாலும் ரப்பர் மாதிரி சுருங்கித் திரும்ப வந்தது. வழவழவென்றிருந்த மேல்தோலில் கீறல் விட்டது. அவர் விடவில்லை. நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது.

"சார், ஆபீசரு" என்றாள் பேச்சியம்மா.

நம்பி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்லாத்தானே வந்துச்சு? இப்ப ஏன் இப்படி முறுக்கிக்கிது?"

"நீங்க முறுக்கினீங்க" என்றான் மாஸ்டர்.

"பிசையத்தானே சொன்ன?"

மாஸ்டர் மாவைச் சுருட்டி உருண்டையாக்கி மேலே எண்ணெய் தடவினான். ஒரு துணியை நனைத்துப் பிழிந்து மூடினான். "டீ சாப்பிடலாம் வாங்க."

"எவ்வளவு நேரம்?"

"அரை மணி. முக்கால் மணி."

டீ வந்தது. நம்பி பாதியில் எழுந்து போய்த் துணியைத் தூக்கிப் பார்த்தார். மாவு அப்படியே உட்கார்ந்திருந்தது. விரலால் ஒரு குத்து. குழி உடனே எகிறி நிறைந்தது. மூடிவிட்டு வந்தார். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி போனார்.

"அடைகாக்கிற கோழிகூட இத்தனை தடவை எந்திரிக்காது சார்" என்றாள் பேச்சியம்மா.

நம்பி வந்து உட்கார்ந்தார். கையிலிருந்த மாவு காய்ந்து தோலை இழுத்தது. எதிரே செங்கோட்டை பஸ் வந்து நின்றது, ஆள் இறங்கியது, ஆள் ஏறியது, பஸ் போனது. தென்காசி பஸ் வந்தது. அவர் எந்தப் பஸ்ஸுக்கும் காத்திருக்கவில்லை. அப்படி உட்கார்ந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது என்று தோன்றியது. டீ ஆறிப்போயிருந்தது, குடித்தார், அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

மாஸ்டர் கூப்பிட்டபோது மணி ஒன்று ஆகப் போகிறது.

துணியை எடுத்ததும் நம்பி குனிந்து பார்த்தார். விறைத்துக்கொண்டிருந்த உருண்டை தளர்ந்து, அகலமாகி, சாய்ந்து கிடந்தது. கீறல்களைக் காணோம். விரலை வைத்தார். குழி விழுந்தது, மெல்ல மெல்லப் பாதி நிறைந்து நின்றது. ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். வந்தது. இன்னும் இழுத்தார். கிழியாமல் வந்துகொண்டே இருந்தது. பின்னால் வைத்த அவர் விரல்களின் நிழல் தெரியும் அளவுக்கு மெலிந்தது.

"யாரும் தொடலையே?"

"யாரு தொடுவா?"

நம்பி கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். படத்தைப் பெரிதாக்கினார். நேற்றிலிருந்து ஐம்பது தடவை பார்த்த படம்தான். மாவின் நடுவில் விரல் பதிந்த குழி இருந்தது. ஆனால் விரல்கள் வளைந்திருக்கவில்லை. புறங்கையில் நரம்பு எழும்பவில்லை. மணிக்கட்டில் பாரமே இல்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கும் மாவுக்கும் நடுவே, ஒரு நூல் அளவுக்கு, இருட்டு இருந்தது.

"நீங்க இதில பிசையல" என்றார்.

மாஸ்டர் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தான். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே மாவு பிதுங்கி, முறுகி, அறுந்து ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்தது.

"இல்ல சார். போதும்னு கையை எடுத்தேன். நான் பிசைஞ்ச அத்தனை நேரமும் அந்தப் பிள்ளை கேமராவைக் கீழே தொங்க விட்டுட்டுச் சும்மாத்தான் நின்னுச்சு. கையை எடுத்தேன் பாருங்க, அப்ப எடுத்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? பிசைஞ்சது போதும். இனி ஈரத் துணி."

நம்பி சுவரோரம் போய் நின்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒற்றை விரலால் தட்டினார்.

'பிசைந்தது போதும். இனி ஈரத் துணி.'

அடியில் விளக்கம் எழுதவில்லை. எதுகை சரியா என்றும் பார்க்கவில்லை. அனுப்பினார்.

மாஸ்டர் உருண்டைகள் மேல் எண்ணெய் ஊற்றி, எல்லாவற்றையும் ஒருமுறை புரட்டிவிட்டு மூடினான். அதற்குள் போன் மினுங்கியது. நம்பி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

"என்னவாம்?" என்றாள் பேச்சியம்மா.

"'இதுதான்ப்பா.'"

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

பேச்சியம்மா வெங்காயக் கையோடு கண்ணைத் துடைத்துவிட்டு, அதனால் இன்னும் அழுதாள். நம்பி சிரித்தார். இன்றைக்கு அதுதான் முதல் சிரிப்பு. போனைப் பைக்குள் போட்டார். உடனே எடுத்தார். வகுளாவின் பெயருக்குக் கீழே தட்டத் தொடங்கினார். 'வீட்டுக்கு எப்ப வர்ற? சித்திரையிலயாவது…'

பெருவிரல் திரைக்கு மேலே நின்றது.

"மாஸ்டர்."

"சொல்லுங்க சார்."

"எப்ப வர்றன்னு கேக்கட்டுமா? ஒரு வார்த்தைதான். அவ மனசில என்ன இருக்குன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

மாஸ்டர் கல்மேடையைத் துடைத்தபடியே சொன்னான்.

"கையை வெச்சுக்கிட்டே கேட்டா மாவு ஒண்ணும் சொல்லாது சார்."