தேங்காய் மாரிக்கொழுந்து

ஏமாங்குளத்தில் தவசி, பூலோகம், கோட்டை, சங்கிலி என்று நாலு அண்ணன் தம்பிகள். நாலு தலைக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான். அதையும் யாரோ இரவல் வாங்கிப் போயிருந்தார்கள்.

கடைசித் தம்பி சங்கிலிக்குத் தரகர் ஒரு பெண்ணின் போட்டோ கொண்டுவந்தார். பெண் மாரிக்கொழுந்து. இதற்கு முன் ஏழு வீட்டில் 'மாட்டோம்' என்று சொல்லிவிட்டதால், இதுவும் போனால் அவன் ஒண்டிக்கட்டைதான்.

"பொண்ணைப் பத்தி நல்லதா நாலு வரி எழுதி அவங்க வீட்டுக்கு வாட்ஸாப்பில் போடுங்க" என்றார் தரகர்.

நாலு வரிக்கு எங்கே போவது? ஊர் குரூப்பைத் திறந்தார்கள். அங்கே ஒரு வசனம் சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் ஓட்டல் தேங்காய் சட்னியில் நொந்துபோய் நிஜமாகவே எழுதியது. அதன் மிடுக்கைப் பார்த்துச் சிரித்த ஊர், எதற்கெடுத்தாலும் அதையே ஒட்ட ஆரம்பித்தது. பஸ் வரவில்லையா, சட்னி இருந்த இடத்தில் பஸ். கரண்ட் போச்சா, கரண்ட். மற்றபடி ஒரு புள்ளிகூட மாறாது. சிரிப்பே அதில்தான்.

"எல்லாரும் இதையேதான் எழுதுறாங்க. அரசாங்க உத்தரவா இருக்கும்" என்றான் தவசி.

எப்படி ஒட்டுவது என்று செல்போன் கடை ரோசிலியிடம் கேட்டார்கள்.

"விரலை வெச்சு அழுத்திப் பிடிங்கண்ணே, காப்பின்னு வரும். அந்தப் பக்கம் போய் ஒட்டுங்க. சட்னிக்கு மட்டும் வேற பேரு. மத்ததுல கையே வைக்கக் கூடாது."

கோட்டை அழுத்த, மற்ற மூவரும் கோட்டையை அழுத்திப் பிடித்தார்கள். செய்தி போய்ச் சேர்ந்தது:

'நான் பத்தொன்பது ஆண்டுகளாகத் தேங்காய் மாரிக்கொழுந்து உண்டு வருபவன். கனத்த இதயத்தோடு எழுதுகிறேன். மாரிக்கொழுந்தில் தண்ணீர் ஊற்றிய அன்றே மனிதகுலம் என்னை இழந்துவிட்டது. மாரிக்கொழுந்தின் குடும்பத்தாருக்கு ஆழ்ந்த அனுதாபங்கள். என்னைத் தேட வேண்டாம்.'

பெண்ணின் அப்பா அரிவாளைத் தேடினார். "உசிரோட இருக்கிற புள்ளைக்கு அனுதாபமா!"

மாரிக்கொழுந்து சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். "அப்பா, ஊரே ஒட்டுற வசனம் இது. சட்னியை மாத்தினவங்க தேங்காயை எடுக்க மறந்துட்டாங்க. நேர்ல வந்து சொல்லச் சொல்லுங்க, பார்ப்போம்."

நாலு பேரும் வந்தார்கள். சங்கிலி எழுந்து மொத்த வசனத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தான். அடுத்து தவசி, அப்புறம் பூலோகம், அப்புறம் கோட்டை. புள்ளி பிசகவில்லை.

"இதுல மாப்பிள்ளை யாருய்யா?" என்றார் அப்பா.

"முதல்ல சொன்னவன் ஒரிஜினல், மாமா. நாங்க மூணு பேரும் ஃபார்வர்டு" என்றான் தவசி.

"ஒரிஜினலு, சொந்தமா ஒரு வார்த்தை சொல்லுங்க பார்ப்போம்" என்றாள் மாரிக்கொழுந்து.

சங்கிலி மறுபடியும் எழுந்தான். "உங்களை... எனக்குப் பிடிச்சிருக்கு."

அவள் முகம் மலர்ந்தது. பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தவசி எழுந்து, "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு" என்றான். பூலோகமும் கோட்டையும் அதையே சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டு முறை போல என்று நினைத்துத் தரகரும் எழுந்து சொன்னார். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பவ்யமாகச் சொன்னார். காபி கொடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரியும் விடவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சொல்ல வரிசை கட்டினார்கள்.

மாரிக்கொழுந்து தன் பதிலைச் சொல்வதற்கு, வரிசையில் பதினேழாவது ஆளாக நிற்க வேண்டியதாயிற்று.